கசிந்து வந்த அரசாணை உண்மையா? செய்தி எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பு, படிப்படியாக

வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வருகிறது. தமிழ்நாடு அரசின் முத்திரை, துறையின் பெயர், எண், தேதி, செயலாளரின் பெயர் எல்லாம் இருக்கிறது. புதிதாக வரும் நிருபர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அரை மணி நேரம் அதையே பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "ஒரிஜினல் மாதிரிதான் இருக்கு" என்று முடிவு செய்கிறார்கள், இல்லையென்றால் அப்படியே துறையின் மக்கள் தொடர்பு அலுவலருக்கு ஃபார்வர்டு செய்து "இது உண்மையா சார்?" என்று கேட்கிறார்கள். முதலாவது எதையும் நிரூபிக்காது. இரண்டாவது, கொடுத்தவரைக் காட்டிக் கொடுத்துவிடலாம்.

அரசு ஆவணம் எதுவும் தனியாகப் பிறப்பதில்லை. அதற்கு முன்னால் ஒரு கடிதமும் ஒரு கோப்பும் இருக்கும், பணம் சம்பந்தப்பட்டிருந்தால் நிதித் துறையின் இசைவும் இருக்கும். அதற்குப் பின்னால் நகல் போன அலுவலகங்களும், அந்த ஆணையை நிறைவேற்ற அந்த அலுவலகங்கள் போட்ட 'செயல்முறைகள்' என்ற உத்தரவுகளும் இருக்கும். காகிதத்தின் தோற்றத்தைப் போலியாகச் செய்வது சுலபம், இந்தத் தடங்களை எல்லாம் சேர்த்துப் போலியாகச் செய்வது ரொம்பக் கடினம். அதனால் நம் உழைப்பில் பெரும்பகுதி தடங்களைத் தேடுவதில்தான் போக வேண்டும்.

கீழே முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துப் பேசுகிறேன். பள்ளிக் கல்வித் துறையின் அரசாணை (நிலை) எண் 52, நாள் 7.3.2024, பொருள்: மாணவர் எண்ணிக்கை குறைந்த தொடக்கப் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைப்பது. எண்ணும் பொருளும் என் கற்பனை, அப்படி ஓர் ஆணை வந்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதியை மட்டும் காரணத்தோடு தேர்ந்தெடுத்தேன். 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்தது மார்ச் 16. அதற்குச் சில நாள் முந்தைய தேதி என்றால், முன்தேதியிட்டுப் போட்டார்களா என்ற கேள்வியும் கூடவே வரும்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அதே துறை, அதே காலகட்டத்தில் வெளியிட்ட, சந்தேகமில்லாத அரசாணைகள் சில வேண்டும். tn.gov.in தளத்தில் துறைவாரியாக அரசாணைகள் கிடைக்கும். எல்லா ஆணைகளும் அங்கே ஏறுவதில்லை, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். வேறு துறையின் ஆணையோடு ஒப்பிடாதீர்கள், தட்டச்சுப் பழக்கங்கள் துறைக்குத் துறை, ஏன் பிரிவுக்குப் பிரிவு மாறும்.

இந்த மாதிரிகளை நீங்களே தேடி எடுக்க வேண்டும், ஆவணம் கொடுத்தவரிடம் வாங்கக் கூடாது. 1983-இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று வெளியிட்ட விவகாரத்தில் கையெழுத்து நிபுணர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். ஆனால் ஒப்பிடுவதற்காக அவர்களிடம் தரப்பட்ட மாதிரிகளிலும் அதே போலிக்காரர் எழுதியவை கலந்திருந்தன. போலியைப் போலியோடு ஒப்பிட்டால் பொருந்தத்தானே செய்யும்.

இது தவிர 2024-க்கான தமிழ் நாட்காட்டி ஒன்றும், அந்தத் தேதியில் அந்தத் துறையின் செயலாளராக யார் இருந்தார் என்ற விவரமும் வேண்டும்.

1. வந்த கோப்பை அப்படியே பூட்டி வையுங்கள்

முதல் வேலை, வந்த கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து வைப்பது. திறந்து, பக்கத்தைத் திருப்பி, 'சேவ்' கொடுத்துவிட்டால் கோப்பின் உள்ளே இருக்கும் தேதிகள் மாறிவிடலாம். பிறகு "இது நீங்கள் திருத்தியது" என்று யாராவது சொன்னால் மறுக்க வழி இருக்காது. அதனால் வந்தவுடன் அதன் ஹாஷ் மதிப்பை எடுத்து, தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள். முதல் வரி லினக்ஸுக்கு, இரண்டாவது விண்டோஸுக்கு:

```
sha256sum go52.pdf
certutil -hashfile go52.pdf SHA256
```

கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் முழுக்க மாறிவிடும். இனிமேல் வேலையெல்லாம் பிரதியில்தான். தெரியாத இடத்திலிருந்து வந்த கோப்பை அன்றாடம் வேலை செய்யும் கணினியில் திறக்காமல், இணைய இணைப்பு இல்லாத வேறொரு கணினியில் திறப்பது நல்லது. கசிவு என்ற பெயரில் வைரஸ் அனுப்புவது பழைய தந்திரம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் புகைப்படத்தின் உள்விவரங்கள் அழிந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் பெரும்பாலும் தங்கும். கொடுத்தவரோடு இன்னும் தொடர்பு இருந்தால் ஆவணமாக ஒருமுறை அனுப்பச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன், அந்த உள்விவரங்களில் அவருடைய ஃபோன் மாடலும் இருப்பிடமும்கூட இருக்கலாம் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது.

2. கொடுத்தவரிடம் "எப்படிக் கிடைத்தது" என்று கேளுங்கள்

"உண்மையா?" என்று கேட்பதில் பயனில்லை, அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். கேட்க வேண்டியது வேறு. நீங்கள் இதை எங்கே பார்த்தீர்கள், காகிதமாகவா திரையிலா, யார் படம் எடுத்தது, உங்களுக்கு முன் யார் கையில் இருந்தது, எல்லாப் பக்கமும் இதில் இருக்கிறதா, கூடவே இணைப்புகள் இருந்தனவா? ஒரு வாரம் கழித்து இதே கேள்விகளை வேறு வரிசையில் மறுபடி கேளுங்கள். உண்மையாகப் பார்த்தவரின் பதிலில் சின்னச் சின்ன விவரம் கூடும், குறையும். ஆனால் ஆவணம் வந்த வழி மாறாது.

2004 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, அதிபர் புஷ்ஷின் தேசியக் காவல் படைப் பணிக்காலம் பற்றி 1970-களின் குறிப்பாணைகள் என்று சில ஆவணங்களைக் காட்டியது. கையில் இருந்தவை நகல்கள் மட்டுமே. நகலில் மையையும் காகிதத்தையும் சோதிக்க முடியாது, அதிகம் போனால் கையெழுத்தின் வடிவத்தைப் பார்க்கலாம். எழுத்துகள் அந்தக் காலத் தட்டச்சுப் பொறியில் அடித்தவை போல் இல்லை, இன்றைய வேர்டு மென்பொருளில் அடித்தவை போல் இருக்கின்றன என்று ஒளிபரப்பான சில மணி நேரத்திலேயே கேள்வி கிளம்பியது. பிறகு கொடுத்தவரே, ஆவணம் வந்த வழி பற்றித் தான் முதலில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். செப்டம்பர் 20-ஆம் தேதி, ஆவணங்கள் உண்மை என்று நிரூபிக்க முடியவில்லை என நிறுவனம் அறிவித்தது. எழுத்துருவைப் பற்றித்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கே முதலில் உடைந்தது கைமாறிய சங்கிலி. அவருக்கு யார் கொடுத்தார் என்று சொல்லப்பட்டதோ, அந்த ஆளைக் கண்டுபிடித்துப் பேசியிருந்தால் ஒளிபரப்புக்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கும்.

கொடுத்தவருக்கு இதில் என்ன லாபம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லாபம் இருப்பதால் ஆவணம் போலி ஆகிவிடாது. ஆனால் எந்தப் பக்கத்தை அவர் விட்டிருக்கக் கூடும் என்று யூகிக்க அது உதவும்.

3. இது எந்தக் கட்டத்துக் காகிதம் என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் வழுக்கும் இடம் இதுதான். ஆவணம் நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தும் செய்தி பொய்யாகலாம்.

தலைமைச் செயலகத்தில் ஒரு விஷயம் குறிப்புக் கோப்பில் மேலே ஏறும். உதவிப் பிரிவு அலுவலர், பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர், அமைச்சர் என்று ஒவ்வொருவராகக் குறிப்பு எழுதுவார்கள். ஒப்புதல் கிடைப்பதற்கு முன்பே வரைவு ஆணையைத் தட்டச்சு செய்து கோப்போடு வைப்பதும் உண்டு. அந்த வரைவு நிராகரிக்கப்படலாம், திருத்தப்படலாம், மாதக்கணக்கில் கிடப்பிலும் போடப்படலாம். அதைப் படம் எடுத்து அனுப்பினால் அது உண்மையான அரசு ஆவணம்தான், ஆனால் அரசு முடிவு ஆகாது.

வெளியான ஆணையின் அடையாளங்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கும். "(ஆளுநரின் ஆணைப்படி)" என்ற வரி, செயலாளரின் பெயர், பெறுநர் பட்டியல், நகல் பட்டியல், அதற்கும் கீழே "ஆணைப்படி அனுப்பப்படுகிறது" என்று போட்டுப் பிரிவு அலுவலரின் கையெழுத்து. வெளியே சுற்றும் நகல்களில் பெரும்பாலும் பேனாவால் போட்டிருப்பது பிரிவு அலுவலரின் கையெழுத்துதான், செயலாளரின் பெயர் தட்டச்சில் மட்டும் இருக்கும். "செயலாளர் கையெழுத்தே இல்லை, அதனால் போலி" என்று குதிக்கும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறான காரணம்.

எண்ணும் தேதியும் இருக்க வேண்டிய இடம் காலியாகவோ புள்ளிகளாகவோ இருந்தால் அது வரைவு. கடைசிப் பக்கமே வரவில்லை என்றால் அதை வரைவு என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள்.

4. வரி வரியாக வாசியுங்கள்

உதாரண ஆணையின் தலைப்பில் இப்படி இருக்கிறது என்று வைப்போம்: "குரோதி, மாசி 24, திருவள்ளுவர் ஆண்டு 2055". 7.3.2024-க்கு மாசி 24 சரி, 2055-உம் சரி. ஆனால் குரோதி தவறு. திருவள்ளுவர் ஆண்டு தை முதல் நாளில் மாறும், சோபகிருது, குரோதி போன்ற ஆண்டுப் பெயர் சித்திரை முதல் நாளில்தான் மாறும். ஆகவே தை ஒன்றிலிருந்து பங்குனி முடியும் வரை புதிய திருவள்ளுவர் ஆண்டும் பழைய ஆண்டுப் பெயரும் சேர்ந்தே வரும். 2024 மார்ச்சில் இருந்தது சோபகிருது, குரோதி பிறந்தது ஏப்ரல் 14 அன்று. பிற்காலத்தில் உட்கார்ந்து மார்ச் தேதியிட்டுத் தயாரிப்பவர் கண்ணெதிரே இருக்கும் ஆண்டுப் பெயரைப் போட்டுவிட வாய்ப்பு அதிகம். இதற்காக உடனே போலி என்று முத்திரை குத்த வேண்டாம், செயலகத்திலும் தட்டச்சுப் பிழை நடக்கும். ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது "பார்வை" அல்லது "படிக்கப்பட்டவை" என்ற பகுதி. முந்தைய அரசாணைகளும் துறைத் தலைவரின் கடிதமும் எண், தேதியோடு அங்கே இருக்கும். தொடக்கக் கல்வி இயக்குநரின் கடிதம் என்று ஒரு ந.க. எண், அதாவது அந்த அலுவலகத்தின் கோப்பு எண், இருந்தால், அந்த எண் வரிசை அந்த அலுவலகத்தின் மற்ற கடிதங்களோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய அரசாணை எதையாவது சுட்டியிருந்தால் அதைத் தேடி எடுத்து முழுதாக வாசியுங்கள். எண்ணும் தேதியும் சரியாக இருந்தும், அந்தப் பழைய ஆணையின் பொருள் முற்றிலும் வேறாக இருப்பது போலிகளில் அடிக்கடி நடக்கும். ஏதோ ஓர் உண்மையான ஆணையின் எண்ணை எடுத்து ஒட்டியிருப்பார்கள், அதைத் திறந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்ற நம்பிக்கையில்.

பணம் வரும் பத்தியை மெதுவாக வாசியுங்கள். செலவு உள்ள ஆணையில் நிதித் துறையின் இசைவு பெற்ற வரி இருக்கும், அதில் நிதித் துறைக் குறிப்பின் எண்ணான அ.சா. எண்ணும் தேதியும் வரும். அந்தத் தேதி ஆணையின் தேதிக்கு முன்னதாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். பிறகு கணக்குத் தலைப்பு. 2202 என்றால் பொதுக் கல்வி, அதில் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி. தொடக்கப் பள்ளிகளைப் பற்றிய ஆணையில் 2202-02 மட்டும் இருந்தாலோ, மருத்துவத்துக்கான 2210 இருந்தாலோ, வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது. முழுத் தலைப்பையும் துறையின் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் தேடுங்கள். அந்த வரவுசெலவுப் புத்தகங்கள் பொதுவில் கிடைப்பவை, அங்கே இல்லாத தலைப்பில் பணம் ஒதுக்குவது சாதாரணமாக நடக்காது.

கடைசியாக, ஒப்பமிட்டவர். அந்தப் பெயருடையவர் அந்தத் தேதியில் அந்தப் பதவியில் இருந்தாரா? நைஜர் நாட்டிலிருந்து இராக் யுரேனியம் வாங்கியதாகக் காட்டிய கடிதங்களைச் சர்வதேச அணுசக்தி முகமை 2003-இல் போலி என்று சொன்னது. அவற்றில் ஒன்று 2000 அக்டோபர் தேதியிட்டது, கீழே இருந்த பெயரோ 1989-லேயே பதவியை விட்டுப் போன வெளியுறவு அமைச்சருடையது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை, இணையத்தில் தேடியதே போதுமாக இருந்தது. நம் ஊரில் ஐஏஎஸ் அதிகாரிகளின் இடமாற்ற உத்தரவுகள் செய்திகளில் தேதியோடு வந்துவிடும், அதனால் இது பத்து நிமிட வேலை. விடுப்பில் போனவருக்காக வேறொரு செயலாளர் கூடுதல் பொறுப்பு வகித்த நாளா என்பதையும் பாருங்கள்.

5. எண்ணுக்கு முன்னும் பின்னும் தேடுங்கள்

ஒரு துறையின் (நிலை) ஆணைகளுக்கு ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் 1 என்று தொடங்கி வரிசையாக எண் போடுவார்கள். வாலாயம் முதலிய மற்ற வகைகளுக்குத் தனி வரிசை. எனவே எண் 52-ஐப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் 49, 50, 54, 55 தெரிந்தால் போதும். எண் 50-இன் தேதி மார்ச் 5, எண் 54-இன் தேதி மார்ச் 11 என்றால், 52-க்கு மார்ச் 7 பொருந்துகிறது. எண் 47-இன் தேதியே மார்ச் 15 என்றால் 52 மார்ச் 7-ஆக இருக்க முடியாது. நடத்தை விதிகளுக்கு முன்னால் தள்ளி வைத்த தேதியாக இருக்கலாம் என்ற சந்தேகம் அங்கே வலுக்கும். ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக இருப்பது சகஜம், ஒரு வாரம் தாண்டினால் விளக்கம் தேடுங்கள்.

எண் 52 ஏற்கெனவே வேறொரு பொருளில் வெளியாகியிருந்தால்? ஆணையின் வகை ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். (நிலை) 52-உம் (வாலாயம்) 52-உம் ஒரே ஆண்டில் இருக்கும், அதில் தவறில்லை. வகையும் ஒன்றாக இருந்தால் கதை அநேகமாக அங்கேயே முடிந்தது.

பின்னால் வரும் தடம் இதைவிட வலுவானது. ஆணையின் பெறுநர் பட்டியலையும் நகல் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் கல்வி இயக்குநர், மாநிலக் கணக்காயர், சம்பளக் கணக்கு அலுவலர், கருவூல அலுவலர்கள், நிதித் துறை. இத்தனை இடங்களில் அந்தத் தாள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இயக்குநர் அதைப் பெற்றதும் "தொடக்கக் கல்வி இயக்குநரின் செயல்முறைகள்" என்று ஒன்று போட்டு மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு அனுப்புவார். அவர்கள் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொன்றின் "பார்வை"யிலும் மேலே உள்ள அரசாணையின் எண்ணும் தேதியும் இருக்கும். அப்படி ஒரு வட்டாரத்தின் செயல்முறைகள், உங்களுக்கு ஆவணம் கொடுத்தவருக்குச் சம்பந்தமே இல்லாத வழியில் கிடைத்தால், என் கணக்கில் ஆவணத்தின் உண்மை முக்கால்வாசி நிரூபணமாகிவிட்டது.

ஆணை வந்து இரண்டு மாதம் ஆகியும் கீழே எங்கேயும் எந்தச் சலனமும் இல்லையென்றால் மூன்று வாய்ப்புகள். போலி, வரைவு, அல்லது நிறுத்தி வைக்கப்பட்ட ஆணை. கடைசியாகச் சொன்னதும் செய்திதான், ஆனால் வேறு செய்தி.

6. அப்புறம்தான் கோப்பும் எழுத்துருவும்

இதை வேண்டுமென்றே ஆறாவதாக வைத்திருக்கிறேன். தொழில்நுட்பச் சோதனை போலியைப் போலி என்று காட்டும், உண்மையை உண்மை என்று காட்டாது. முதலிலேயே இதைச் செய்து "எல்லாம் சரியாக இருக்கு" என்று பார்த்துவிட்டால் மற்றதில் கவனம் தளர்ந்துவிடும்.

```
exiftool go52.pdf
pdffonts go52.pdf
```

முதல் கட்டளை, கோப்பு எப்போது எந்த மென்பொருளில் உருவானது என்று காட்டும். ஸ்கேன் செய்த கோப்பானால் அந்தத் தேதி ஸ்கேன் செய்த நாள்தான், ஆணையின் நாள் இல்லை. உருவான நேரமும் கணினியின் கடிகாரத்தைப் பொறுத்தது, கடிகாரம் தவறாக இருந்தால் இதுவும் தவறும். ஆனால் படத் திருத்த மென்பொருளின் பெயர் அங்கே வந்தால் ஏன் என்று கொடுத்தவரைக் கேட்க வேண்டும். தன் பெயரை மறைக்க அவரே ஒரு மூலையை அழித்திருக்கலாம்.

இரண்டாவது கட்டளை, கோப்பில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும். வெறும் ஸ்கேன் படமாக இருந்தால் பட்டியல் காலியாக வரும், அப்போது கண்ணால்தான் ஒப்பிட வேண்டும். எழுத்துருவுக்குப் பிறந்த தேதி உண்டு என்பதுதான் இதன் பலம். பாகிஸ்தானில் நவாஸ் ஷெரீஃப் குடும்பத்தின் மீதான பனாமா வழக்கில், 2006 பிப்ரவரி தேதியிட்ட ஒரு பத்திரம் கலிப்ரி எழுத்துருவில் இருந்தது. கலிப்ரி பொதுமக்களுக்கு விற்பனையில் வந்தது 2007 ஜனவரி கடைசியில். தமிழில் இதற்கு இணையானது நிர்மலா யூஐ. அது விண்டோஸ் 8-உடன் 2012-இல் வந்தது, எனவே 2009 தேதியிட்ட ஆணை அதில் இருந்தால் அந்தத் தாள் 2009-இல் அச்சிட்டது அல்ல.

ஆனால் பழைய ஆணையைப் பிற்காலத்தில் யாரோ மறுதட்டச்சு செய்திருக்கலாம், செயலகத்திலேயே அது நடக்கும். ஆகவே நீங்கள் சொல்லக் கூடியது "இந்தப் பிரதி அந்த நாளில் உருவானது அல்ல" என்பது வரைதான். "அப்படி ஒரு ஆணையே இல்லை" என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பக்கங்களுக்கு இடையே எழுத்தளவு, ஓரத்து இடைவெளி, பக்க எண்ணின் இடம் ஆகியவை மாறுகின்றனவா என்றும் பாருங்கள். முழு ஆவணமும் போலியாக இருப்பதைவிட, மூன்று உண்மையான பக்கங்களுக்கு நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி வைப்பதுதான் ஆபத்தானது. பத்தி எண்களை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பாருங்கள். "மேலே பத்தி 4-இல் கூறியவாறு" என்று வந்தால் பத்தி 4-இல் அது உண்மையிலேயே இருக்கிறதா?

7. இரண்டாவது ஆளிடம் ஆவணத்தைக் காட்டாமல் கேளுங்கள்

அந்தத் துறையிலோ, ஓய்வு பெற்றவர்களிலோ, ஆசிரியர் சங்கங்களிலோ விவரம் தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள். தாளை நீட்டி "இது சரியா?" என்று கேட்டால், அவர் தாளில் உள்ளதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்வார். அதற்குப் பதிலாக "பள்ளி இணைப்பு பற்றி மார்ச் மாதம் ஏதாவது ஆணை வந்ததா? எத்தனை பேருக்குக் குறைவான பள்ளிகள் என்று போட்டிருந்தார்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் சொல்லாத ஒரு விவரத்தை அவராகச் சொல்லி, அது உங்கள் தாளில் இருந்தால், அதுதான் உறுதிப்படுத்தல்.

இந்த இரண்டாவது ஆள் முதல் ஆளிடமிருந்தே கேள்விப்பட்டவர் இல்லை என்பதை நிச்சயம் செய்துகொள்ளுங்கள். ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஐந்து பேர் சொன்னாலும் அது ஒரு ஆதாரம்தான்.

8. கடைசியாக அரசிடம் கேளுங்கள், நகலை அனுப்பாமல்

2017-இல் தி இன்டர்செப்ட் செய்தித் தளம் தனக்குத் தபாலில் வந்த ஒரு ரகசிய ஆவணத்தைச் சரிபார்க்க, அதன் நகலையே அமெரிக்க அரசிடம் காட்டியது. அதில் தெரிந்த மடிப்புத் தடத்தை வைத்து, யாரோ அச்செடுத்து வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று புலனாய்வாளர்கள் கண்டுகொண்டார்கள். அந்த ஆவணத்தை அச்செடுத்தவர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவரான ரியாலிட்டி வின்னர் கைதாகி, ஐந்து ஆண்டு மூன்று மாதம் தண்டனை பெற்றார். பல வண்ண லேசர் அச்சுப் பொறிகள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் பொறியின் எண்ணையும் நேரத்தையும் அச்சிடுகின்றன. மடிப்பு, ஸ்டேபிள் ஓட்டை, மேசை விரிப்பின் நிறம், ஓரத்தில் பேனாவால் போட்ட ஒரு டிக், ஒவ்வொன்றும் ஒருவரைக் காட்டிக் கொடுக்கப் போதும்.

அதனால் தேவையான வரிகளை மட்டும் நீங்களே தட்டச்சு செய்து கேள்வியாக அனுப்புங்கள். துறைச் செயலாளருக்கு எழுத்தில், பதில் சொல்ல நியாயமான நேரம் கொடுத்து. கேள்வி குறுகலாக இருக்கட்டும்: "அரசாணை (நிலை) எண் 52, நாள் 7.3.2024 என்று உங்கள் துறை ஓர் ஆணை வெளியிட்டதா? அதன் பொருள் என்ன? இப்போது நடைமுறையில் உள்ளதா?" ஆறாம் படிக்கு முன்பே இதைக் கேட்டால், "இல்லை" என்று பதில் வரும்போது அதை எடைபோட உங்களிடம் ஒன்றுமே இருக்காது. அதற்காகத்தான் இது கடைசியில் வருகிறது.

பதிலை வார்த்தை வார்த்தையாக வாசியுங்கள். "அப்படி எந்த முடிவும் எடுக்கப்படவில்லை" என்பதும் "அந்த ஆவணம் எங்களுடையது அல்ல" என்பதும் ஒன்றல்ல. முதலாவது வரைவு இருந்ததை மறுக்கவில்லை. "ரகசிய ஆவணம் எப்படி உங்களிடம் வந்தது?" என்று திருப்பிக் கேட்டால் அதுவே பாதி பதில். 2019-இல் ரஃபேல் ஒப்பந்தம் பற்றி தி இந்து நாளிதழ் பாதுகாப்பு அமைச்சக ஆவணங்களை வெளியிட்டபோது, அவை திருடப்பட்டவை என்று மார்ச் 6 அன்று அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். பிறகு, நகலெடுக்கப்பட்டவை என்ற பொருளில் சொன்னதாக விளக்கினார். திருட்டோ நகலோ, ஆவணங்கள் போலி என்ற பேச்சுக்கு அதன் பிறகு இடமில்லாமல் போனது.

"ஃபேக்" என்று சிவப்பு முத்திரை போட்ட படம் மட்டும் அரசுப் பக்கத்திலிருந்து வந்தால், அதை மறுப்பாகப் பதிவு செய்யுங்கள், ஆனால் எந்தப் பகுதி பொய் என்று கேட்டு மறுபடி எழுதுங்கள். அவசரமில்லாத செய்தி என்றால் ஆணையின் எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம், பதிலுக்கு 30 நாள் கெடு. வெளியிடுவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரும் வாசிக்கட்டும், அலுவல் ரகசியச் சட்டம் 1923-இன் ஐந்தாம் பிரிவு ஆவணத்தைப் பெறுவதையும் வைத்திருப்பதையும்கூடத் தொடக்கூடியது.

9. தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள்

உதாரண ஆணையில் கடைசியில் நம்மிடம் சேர்ந்தது இது என்று வைப்போம். ஆண்டுப் பெயர் தவறு. எண் வரிசை பொருந்துகிறது. கணக்குத் தலைப்பு சரி. இரண்டு வட்டாரங்களின் செயல்முறைகளில் இந்த ஆணை பார்வையில் உள்ளது, அவை வேறு வேறு வழிகளில் கிடைத்தன. துறை "முடிவு எடுக்கப்படவில்லை" என்கிறது. இப்போது ஆண்டுப் பெயர் தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொள்ள நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அதைவிடக் கனமான தடங்கள் எதிர்ப்பக்கம் இருக்கின்றன. "அரசாணை வெளியானது, இரு வட்டாரங்களில் நடவடிக்கை தொடங்கியது, துறை மறுக்கிறது" என்று எழுதலாம். அந்தச் செயல்முறைகள் கிடைக்காமல், மற்றதெல்லாம் இதேபோல் இருந்திருந்தால் "வெளியானது" என்ற சொல்லை நான் போட மாட்டேன். "பரிசீலனையில் இருந்ததாகக் காட்டும் ஆவணம்" என்பது வரைதான் போவேன், அதுவும் ஏழாம் படியில் ஒருவர் தாமாகவே விவரம் சொல்லியிருந்தால்.

செய்தியோடு ஆவணத்தின் படத்தைப் போடாமல், தேவையான பத்தியை மறுதட்டச்சு செய்து போடுங்கள். ஒவ்வொரு படியிலும் என்ன பார்த்தீர்கள், யார் பார்த்தார்கள், எந்தத் தேதியில் என்று ஒரு தனிக் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். அதில் கொடுத்தவரின் பெயர் மட்டும் இருக்கக் கூடாது. வழக்கு என்று வந்தால் ஆசிரியரும் வழக்கறிஞரும் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டையும் முதல் நாள் எடுத்து வைத்த ஹாஷ் எண்ணையும்தான்.